#தட்டைக்கவிழ்

2014-ல் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது. நம் தெருவுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் மேல் ஒரு தட்டு இருக்கிறதே, அதில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை அவ்வளவாக விரும்பாது. நம்மைப் போலவே நல்ல தண்ணீர் கேட்கும்.

சவாலின் விதி எளிது, இருபது நொடி வீடியோ. பிளக்கைப் பிடுங்கு, டார்ச் அடி. ஒளி பட்டதும் நெளிந்து அடியில் ஓடுபவை புழுக்கள். அவைதான் வீடியோவின் கதாநாயகர்கள். தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்று. பிறகு தட்டின் விளிம்பைத் தேய். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். இருபது நொடி. அடுத்த வாரம் அதே நாளில் மறுபடியும், ஏனென்றால் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான்.

முக்கியமான விதி: சொந்த வீட்டுத் தட்டு மட்டும். இதை எழுதாமல் விட்டதால் முதல் நாள் வந்த வீடியோக்கள் எல்லாம் எதிர்வீட்டுப் பூந்தொட்டி, மாடி வீட்டு டயர். வார்டு பிரமுகர் ஒருவரும் அனுப்பினார். பதினெட்டு நொடி பொன்னாடை. மீதி இரண்டில் தட்டு தெரிகிறது, காலியாக.

நானும் எடுக்க உட்கார்ந்தேன். தட்டு எங்கே இருக்கிறது என்று தேடவே இருபது நொடி போய்விட்டது. பதினோரு வருட ஃப்ரிட்ஜ்.