‘இலவசக் கண் பரிசோ’: கண் முகாம் போஸ்டரில் எழுத்தின் உயரம் குறித்து

முதியோருக்கான இலவசக் கண் பரிசோதனை முகாம் போஸ்டர், தன்னைப் படிக்க முடியாதவர்களுக்காகவே எழுதப்படும் இலக்கிய வகை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் இது மளிகைக் கடைத் தூண், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கல்லாச் சுவர், கோயில் அறிவிப்புப் பலகை ஆகிய இடங்களில் காணப்படும். முகாம் முடிந்தாலும் இது மறைவதில்லை. அடுத்த போஸ்டர் இதன் மேலேயே ஒட்டப்படும்.

வகையின் மரபான அமைப்பு அதிகம் மாறாதது. மேல்பாதியில் மாண்புமிகு ஒருவரின் படம். பக்கத்தில், எந்தத் தோட்டத்தையும் பார்த்திராத வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் மூக்குக்கண்ணாடியுடன் சிரிப்பார். நடுவில் தங்க நிறத்தில் தலைப்பு. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த தடம் போல நாள், நேரம், இடம். கடைசி வரியில் இருப்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1862இல் டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்ட எழுத்துப் பலகையே அதற்கு அடிப்படை. நல்ல கண் 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரம். 60 மீட்டரில் நல்ல கண்ணுக்குத் தெரிவது 6 மீட்டரில்தான் தெரிகிறது என்றால், அந்தக் கண்ணை 6/60 என்பார்கள். புரை முற்றியவர்களிடம் இந்த எண் அபூர்வமல்ல. அவர்களுக்கு அதே 6 மீட்டரில் 87 மில்லிமீட்டர் எழுத்து வேண்டும்.

கிள்ளான் கடைவரிசையின் அஞ்சடி, பெயருக்கேற்ப, சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். அதற்கு மேல் பின்னால் போனால் லோங்காங். ஆகவே ஒன்றரை மீட்டர்தான் படிக்கும் தூரம் என்று கொண்டால், 6/60 கண்ணுக்கு எழுத்து 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது தட்டுத்தடுமாறி அடையாளம் காணும் எல்லை. சிரமமின்றிப் படிக்க அதைப்போல் இருமடங்கு, அதாவது 44 மில்லிமீட்டர். ஸ்னெல்லன் கணக்குப் போட்டது ரோமன் எழுத்துக்கு என்பதையும் மறக்கக் கூடாது. ண, ஞ, ணை போன்றவற்றில் கோடுகள் இன்னும் நெருக்கமாக இருக்கும். நியாயமாகப் பார்த்தால் தமிழுக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். இங்கே 44உடன் நிறுத்திக்கொள்ளப்படுகிறது, காகிதம் தீர்ந்துவிடும் என்பதால்.

காகிதம் A3 அளவு. அகலம் 297 மில்லிமீட்டர், நீளம் 420. ஓரம் விட்டால் ஒரு வரிக்கு 257 மில்லிமீட்டர் கிடைக்கும். 44 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் எழுத்துருவம் சராசரியாக 40 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். மேலே ஏறும் கொக்கிக்கும் கீழே இறங்கும் வாலுக்கும் இடைவெளி விட்டால், தாளில் ஐந்து வரி அடங்கும். இனித் தலைப்பை அச்சுக் கோக்கலாம். ‘இலவசக்’ முதல் வரியில் உட்காருகிறது. ‘கண்’ கூட வர இடமில்லை. அது இரண்டாம் வரி. ‘பரிசோதனை’ ஐந்து எழுத்துதான் என்றாலும் இரட்டைக்கொம்பு, கால், இணைக்கொம்பு என்று எட்டு உருவங்கள் கொண்டது. 320 மில்லிமீட்டர் கேட்கிறது. வேறு வழியில்லாமல் ‘பரிசோ’ மூன்றாம் வரியிலும் ‘தனை’ நான்காம் வரியிலும் போகின்றன. ‘முகாம்’ ஐந்தாவது. தாள் முடிந்தது.

விளைவுகள் இரண்டு. முதலாவது, எங்கே, எப்போது என்ற விவரமே இல்லாத முழுமையான போஸ்டர் ஒன்று உருவாகிறது. இரண்டாவது, மேலிருந்து மூன்று வரி படித்து மூச்சு வாங்கும் முதியவருக்குக் கிடைக்கும் செய்தி: இலவசக் கண் பரிசோ. இலவசம் என்றும் தெரிகிறது, பரிசோ என்ற ஐயமும் எழுகிறது. குலுக்கலில் கண் விழுமா என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

‘பரிசோதனை’யைச் சுருக்கி ‘சோதனை’ என்று போடலாம். அது ஆறு உருவங்களில், 240 மில்லிமீட்டரில் அடங்கிவிடும். ஆனால் சோதனை என்பது பெரும்பாலும் ஆண்டவன் கொடுப்பது. கண்ணுக்கு ஏற்கெனவே வந்த சோதனை போதாதா என்று முதியவர் நடையைக் கட்டக்கூடும்.

எழுத்து சிறுத்துவிட்டால் வரும் கோளாறுகள் வேறு வகை. மங்கலில் முதலில் மறைவது புள்ளி. ‘முகாம்’ ‘முகாம’ ஆகிறது. அடுத்து சுழிகள் ஒட்டிக்கொள்கின்றன. மூன்று சுழி ண இரண்டு சுழி ன ஆகிறது. காலும் ரகரமும் பிரியாமல் போகின்றன. இவை பாடம் கெட்ட ஓலைச்சுவடியில் பதிப்பாசிரியர்கள் படும் பாடுகள். தங்க நிறம் நிலைமையை மேலும் மோசமாக்கும். வயதான கண்வில்லை மஞ்சள் பாய்ந்து போவதால் வெள்ளைத் தாளில் மஞ்சளும் தங்கமும் கரைந்துவிடும், கருநீலம் கறுப்பாகிவிடும். வெள்ளையில் கறுப்பு என்ற அழகற்ற பழைய முறையே இங்கு வெல்கிறது.

போஸ்டர் முன் நிற்பவரின் அசைவும் ஆய்வுக்குரியது. பின்னால் நகர்பவருக்கு வெள்ளெழுத்து. அவருக்குத் தூரம் நன்றாகத் தெரியும், லோங்காங்தான் தடை. மூக்கு படும் அளவு முன்னால் போகிறவருக்குப் புரையோ கிட்டப்பார்வையோ இருக்கலாம். வெயில் கூச, நெற்றியில் கையை வைத்து நிழல் செய்கிறவரிடம் புரைக்கான சந்தேகம் வலுக்கிறது. எழுத்தை நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகியிருக்கக்கூடும். இருவர் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து மோதிக்கொள்வதும் உண்டு.

பிரிக்பீல்ட்ஸுக்கு இதில் தனி நிலை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டை அது. விரலால் படிப்பவர்கள் அங்கே பலர். பிரெயிலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வழக்கு பெரும்பாலும் கிடையாது. ஒரு கட்டம் சுமார் 6 மில்லிமீட்டர், அநேகமாக எல்லோருக்கும் அதுதான். போஸ்டர் தயாரிப்போர் பொறாமைப்படத்தக்க ஒழுங்கு.

நடைமுறையில் போஸ்டரைத் தனியாள் படிப்பதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பாட்டிக்கு எழுத்து தெரியும், கண் தெரியாது. தேசியப் பள்ளிக்குப் போகும் பேரனுக்குக் கண் தெரியும், எழுத்து தெரியாது. “மூனு சுத்து இருக்கு பாட்டி, மேல ஒரு புள்ளி.” “அது ‘ண்’ணு ஐயா. முன்னால என்ன இருக்கு?” இப்படியே கூட்டு முயற்சியில் வரி நகரும். மலாய் வரி வந்ததும் பேரன் தனியே பாய்ந்துவிடுவான்: “பெர்சுமா!” அதற்குள் சும்மா இருப்பதைப் பாட்டி உடனே கண்டுகொள்வார். அது ஒலி ஒற்றுமையா, உறவா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இத்தனையும் ஒத்துப்போகும் வாசகம் ஒன்று உண்டு: கண் / காட்ட / வாங்க / ஞாயிறு / காலை 9. ஐந்து வரி, எல்லாம் 44 மில்லிமீட்டர். டாக்டரிடம் ‘கண் காட்டுவது’ என்பது முதியவர்களின் சொந்தச் சொல். ‘வாங்க’ என்பது வரவேற்பா கொள்முதலா என்ற குழப்பம் எஞ்சினாலும் ‘இலவசக் கண்’ அளவுக்கு மோசமில்லை. இடம் இல்லை என்ற குறையை, நடக்கும் மண்டபத்து வாசலிலேயே ஒட்டித் தீர்க்கலாம். மாண்புமிகுவுக்கு மட்டும் இடமில்லை. இந்த வாசகம் இதுவரை அச்சேறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனிக் கடைசி வரி. பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் எழுத்தில் அது சொல்வது: கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஆள் அழைத்து வரவும், வண்டி ஓட்டக் கூடாது. விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்க வேண்டும். விரிந்த மணி சுருங்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகலாம், முதியவர்களுக்குச் சில நேரம் அதற்கும் மேல். கணக்குப்படி இந்த வரியை 6/60 கண் படிக்க, போஸ்டருக்கு இருபது சென்டிமீட்டர் தூரத்தில் முகத்தை வைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் வெள்ளெழுத்து குறுக்கிடும். ஆகவே முகாம் நாளன்று நண்பகலில் மண்டப வாசலில் வரிசையாக நிற்கும் கப்சாய் மோட்டார்சைக்கிள்களும், அவற்றின் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு, மகன் வருவான் என்று உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களும் காணக் கிடைக்கும்.