செப்டம்பர் 29ஆம் தேதியைக் காணவில்லை

அனுப்புநர்:
தென்காசிப் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஒரு டீலர்

பெறுநர்:
ஸ்கீம் மற்றும் கிளெய்ம் பிரிவு,
நான் பில்லுக்குப் பணம் கட்டும் பெயின்ட் கம்பெனி

பொருள்: 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டு ரிபேட்டில் குறைந்த ரூ.33,050 கோருதல், கூடவே, காணாமல் போன ஒரு நாளைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல்.

பார்வை: 1. காலாண்டு தொடங்கும் முன் தாங்கள் அனுப்பிய ஸ்கீம் சர்க்குலர். 2. நவம்பரில் வந்த ரூ.57,340க்கான கிரெடிட் நோட். 3. தங்கள் சேல்ஸ் ஆபீசர் செப்டம்பர் 28 இரவு போனில் கெஞ்சியது (வாய்மொழி).

மாண்புமிகு பிரிவு அவர்களுக்கு,

தங்களை நேரில் பார்த்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் எவரும் இல்லை. தங்களிடமிருந்து "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று மெயில் மட்டும் வருகிறது. என் கோரிக்கையை இதுவரை மூன்று முறை முடித்துவைத்திருக்கிறீர்கள். பணம் மட்டும் வரவில்லை. ஆகவே நாலாவது முறை முடித்துவைப்பதற்கு வசதியாக, விவரங்களை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தங்கள் சர்க்குலர். காலாண்டுக் கொள்முதல் 10 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம், 20 லட்சத்தைத் தொட்டால் 2 சதவீதம், 30 லட்சத்தைத் தொட்டால் 3 சதவீதம். ஜிஎஸ்டி சேர்க்காத அடிப்படை மதிப்புதான் கணக்கு. ரிட்டர்ன் போன சரக்கைக் கழிக்க வேண்டும். எந்த ஸ்லாபைத் தொடுகிறோமோ அந்தச் சதவீதம் முதல் ரூபாயிலிருந்தே மொத்தக் கொள்முதலுக்கும் உண்டு. பில் பணம் 45 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். நாலாவது பத்தியில் "கொள்முதல் பில் தேதியின்படி கணக்கிடப்படும்" என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை எழுதியவர் இப்போது வேலையில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. நல்ல மனிதர்.

இனி என் கொள்முதல். ஜூலையில் 9,40,000 ரூபாய். ஆகஸ்டில் 8,85,000. செப்டம்பரில் 12,10,000. மொத்தம் 30,35,000. டப்பா நசுங்கித் திருப்பி அனுப்பியது 22,000. அதைக் கழித்தால் 30,13,000. முப்பது லட்சத்தைத் தாண்டியாயிற்று. 3 சதவீதம் 90,390 ரூபாய். தாங்கள் அனுப்பியதோ 57,340.

எப்படி வந்தது இந்தத் தொகை என்று கேட்டு மெயில் போட்டேன். "சிஸ்டம் கணக்கு" என்றீர்கள். சிஸ்டம் விளக்கம் சொல்லாது என்பதால் அதன் கணக்கை நானே பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 57,340 என்பது 3 சதவீதமாக இருந்தால் என் கொள்முதல் 19 லட்சத்துச் சொச்சம்தான் ஆகும். அந்த அளவு வாங்கினவனுக்கு 3 சதவீதமே கிடையாது. ஆகவே அது இல்லை. 2 சதவீதமாக இருந்தால் 28,67,000. பைசா இல்லாமல் முழுசாக வருகிறது. என் தொகையிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் 1,46,000. என் பர்ச்சேஸ் லெட்ஜரில் தேடினேன். சரியாக 1,46,000க்கு ஒரே ஒரு பில் இருந்தது. அதன் தேதி செப்டம்பர் 29.

ரிபேட் குறைந்து வந்தால் மொத்தத்தை வைத்துக்கொண்டு தாங்களும் நானும் மல்லுக்கட்டிப் பயனில்லை என்பதை இங்கே மற்ற டீலர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். வந்த தொகையை ஸ்லாப் சதவீதத்தால் வகுத்தால் கம்பெனி மனதில் வைத்திருக்கும் கொள்முதல் வெளியே வந்துவிடும். இரண்டு கொள்முதலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பில்லோடோ இரண்டு பில்லோடோ பொருந்தினால், எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். எதோடும் பொருந்தாவிட்டால் ரிட்டர்னை இரண்டு தடவை கழித்தார்களா, ஸ்லாபை மொத்தத்துக்கும் போடாமல் மேல்தொகைக்கு மட்டும் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பில்லின் கதைக்கு வருகிறேன். செப்டம்பர் 28 இரவு தங்கள் சேல்ஸ் ஆபீசர் தம்பி போன் செய்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு ஸ்லாபுக்கு ஒண்ணு முப்பத்துமூணு குறையுது. ஒரே ஒரு பில் போட்டுக்கிடுங்க. மொத்தத்துக்கும் மூணு பர்சென்ட் விழும்" என்றார். என் கடையில் எமல்ஷன் வாளிகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. ஆனாலும் அவர் சொன்னது கணக்கில் தப்பில்லை. அந்த 1,46,000க்கு ரிபேட்டில் கூடுதலாகக் கிடைப்பது 33,050 ரூபாய். அதாவது கடைசிப் பில்லுக்கு மட்டும் ஏறக்குறைய 23 சதவீதத் தள்ளுபடி. இந்த ஒரு கணக்குக்காகத்தான் காலாண்டுக் கடைசி வாரத்தில் தமிழ்நாட்டில் பாதி பெயின்ட் கடைகள் நடக்க இடமில்லாமல் கிடக்கின்றன. நானும் சரி என்றேன். மறுநாள் சாயங்காலம் மதுரை டிப்போவில் பில் போட்டார்கள்.

பில் வந்தது, சரக்கு வரவில்லை. 30ஆம் தேதி லாரி கிடைக்கவில்லை என்றார்கள். அக்டோபர் 1 ஆயுத பூஜை. 2ஆம் தேதி விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்தன. 3ஆம் தேதி காலையில் லாரி கிளம்பி அன்றைக்கே கடைக்கு வந்து சேர்ந்தது. மதுரையிலிருந்து எங்கள் ஊர் 160 கிலோமீட்டர்தான். லாரி வழியில் எங்கும் நிற்கவில்லை. சரக்கு நின்றது தங்கள் டிப்போவில். ஈ-வே பில்லில் லாரி நம்பர் ஏற்றப்பட்ட தேதியே அக்டோபர் 3 என்று இருக்கிறது. அந்தத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

மூன்றாவது மெயிலில் ஒருவழியாகக் காரணம் சொன்னீர்கள்: "சரக்கு பெறப்பட்டது அக்டோபரில், எனவே அந்தக் கொள்முதல் செப்டம்பர் காலாண்டில் சேராது." சர்க்குலரில் பில் தேதி, மெயிலில் சரக்குத் தேதி. சரி, கம்பெனியின் கொள்கை மாறியிருக்கலாம் என்று நினைத்து, மற்ற இடங்களில் தாங்கள் இதே பில்லை எந்த மாதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன்.

அரசாங்கத்திடம் போய்ப் பார்த்தேன். இந்தப் பில்லைச் செப்டம்பர் மாத விற்பனையாகத்தான் ஜிஎஸ்டி கணக்கில் காட்டியிருக்கிறீர்கள். அக்டோபர் 14க்குப் பிறகு திறந்த என் செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-2பியில் அது தெளிவாக இருக்கிறது. அடுத்து தங்கள் வசூல் பிரிவு. 45 நாள் கெடுவை அவர்கள் செப்டம்பர் 29லிருந்துதான் எண்ணினார்கள். நவம்பர் 13 காலையில் போன் வந்தது. மதியத்துக்குள் பணம் அனுப்பினேன். டிப்போவில் சரக்கு தூங்கிய நாலு நாளையும் நான் கடன் நாளாக அனுபவித்ததாகவே அவர்கள் கணக்கு. கடைசியாகத் தங்கள் சேல்ஸ் ஆபீசர். அவருடைய செப்டம்பர் டார்கெட்டில் இந்தப் பில் சேர்ந்திருக்கிறது. அவருக்கு இன்சென்டிவும் வந்துவிட்டது. நல்லது, தம்பிக்கு வீட்டில் செலவு இருக்கும்.

ஆக, வரி கட்டும்போது செப்டம்பர். பணம் வாங்கும்போது செப்டம்பர். இன்சென்டிவ் கொடுக்கும்போது செப்டம்பர். எனக்கு ரிபேட் தரும்போது மட்டும் அக்டோபர்.

அப்படியானால் அக்டோபர்–டிசம்பர் கணக்கிலாவது சேர்ந்திருக்கும் என்று நம்பினேன். ஜனவரி முதல் வாரம் வந்த ஸ்டேட்மென்டில் அந்தப் பில் இல்லை. கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "பில் தேதி செப்டம்பர் என்பதால் இந்தக் காலாண்டில் சேராது." இந்தப் பதிலை வாசித்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. எந்தக் காலாண்டிலும் சேராத ஒரு நாளைப் பஞ்சாங்கக்காரர்கள்கூட இதுவரை கண்டுபிடித்ததில்லை.

இதெல்லாம் என் லாபத்திலிருந்து போகிறது என்று தாங்கள் நினைக்கலாம். லாபம் அங்கே இருந்தால்தானே போகும்? எதிர்க்கடைக்காரரும் தங்கள் டீலர்தான். அவர் ஸ்லாப் வரும் என்று நம்பி பெயின்டருக்கும் கான்ட்ராக்டருக்கும் விலையைக் குறைக்கிறார். நான் குறைக்காவிட்டால் வாளி நகராது. மூன்று சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டு இரண்டை விலையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டேன். 30,13,000க்கு இரண்டு சதவீதம் 60,260 ரூபாய். தாங்கள் தந்தது 57,340. தங்கள் ஸ்கீமில் ஜெயித்ததற்காக நான் கைக்காசு 2,920 போட்டிருக்கிறேன்.

இப்போது தங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து டிசம்பர் 31 நிலவரப்படி பாக்கி உறுதிக் கடிதம் வந்திருக்கிறது. லெட்ஜரில் உள்ள தொகை சரி, கம்பெனியிடம் எனக்கு வேறு எதுவும் வர வேண்டியதில்லை என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் பொங்கல் நேரத்தில் பில்லிங் நிற்கும் என்று தம்பி சூசகமாகச் சொன்னார். சும்மா கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம் கழித்து அதே தாளை என் முகத்துக்கு நேரே நீட்டுவீர்கள் என்று தெரியாதவனா நான்? பணத்தை நானே பிடித்துக்கொண்டு அடுத்த பில்லுக்குக் குறைத்துக் கட்டினாலும் பில்லிங் நிற்கும். ஆகவே கையெழுத்துப் போட்டு, அதற்கு மேலேயே "ஜூலை–செப்டம்பர் 2025 ரிபேட் வித்தியாசம் ரூ.33,050 நிலுவை, இதற்கு உட்பட்டு" என்று பேனாவால் எழுதி, அந்தத் தாளின் நகலை வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கீம் சர்க்குலரின் எண்ணையும் காலாண்டையும் குறிப்பிட்டு, ரூ.33,050க்கு ஒரு கிரெடிட் நோட். முந்தையது போலவே ஜிஎஸ்டி இல்லாமல் கொடுங்கள். நானும் எடுத்த வரிவரவைத் திருப்ப வேண்டியதில்லை, தாங்களும் தங்கள் வரியைக் குறைக்க வேண்டியதில்லை. அரசாங்கத்தை இந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம். அவர்களுக்குச் செப்டம்பர் எப்போது முடிகிறது என்று தெரியும்.

ஜனவரி–மார்ச் சர்க்குலரும் வந்து சேர்ந்தது. மூன்றாவது ஸ்லாப் 35 லட்சமாக உயர்ந்திருக்கிறது, வாழ்த்துகள். மார்ச் கடைசி வாரத்தில் தம்பி போன் செய்வார் என்று தெரியும். அப்போது அவரிடம் ஒன்றுதான் கேட்பேன்: "இந்தப் பில் இந்தக் காலாண்டில்தான் சேரும்" என்று தங்கள் பிரிவிலிருந்து ஒரு வரி மெயில். அந்த மெயில் வந்தால் ஆர்டர் உண்டு. வராவிட்டால் ஸ்லாப் எனக்கு வேண்டாம். தம்பியின் டார்கெட்டுக்கு வேறு அண்ணாச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
30,13,000 ரூபாய் வாங்கி, 28,67,000 ரூபாய் வாங்கியவனாக நடத்தப்படும் டீலர்

இணைப்பு: சர்க்குலர் நாலாம் பத்தி (அடிக்கோடிட்டது), மூன்று மாத பர்ச்சேஸ் லெட்ஜர், செப்டம்பர் 29 பில், ஈ-வே பில், செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-2பி பக்கம், நவம்பர் 13 பணம் கட்டிய வங்கி ரசீது, பில்லை இரண்டு காலாண்டிலிருந்தும் விலக்கிய தங்கள் மெயில்கள் இரண்டும்.