வாசல் எந்தப் பக்கம் மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. மூணு வாரமா பேப்பர்ல விளம்பரம் போட்டும் மாடி வீடு போகலன்னு ஒங்க ஆத்தா போன்ல ஒரே பொலம்பல். எங்க, அந்த விளம்பரத்தக் காட்டு. கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே வாசி.

"கிழக்குப் பார்த்த அழகிய இரண்டு மாடி வீடு, நல்ல நிலையில், வாடகைக்கு."

அடேயப்பா! கேட்டா எனக்கே குடிபோகத் தோணுது. என்ன ஒண்ணு, இப்படி ஒரு வீடு நம்ம சொந்தபந்தத்துல எவனுக்கும் இல்ல. மதுரையில ஒங்கப்பன் கட்டுன வீட்டத்தானே சொல்ற? அதுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்ப மண்ணு அள்ளுனவன் நானு.

போட்டோ போட வழியில்ல, வரி விளம்பரம்ங்கிற. சரி. இப்ப மேல குடியிருக்க டீச்சரம்மாவும் கொடியில துணி காயுதுன்னு படம் எடுக்க விடமாட்டாக. அதுவும் சரி. அப்ப வாசிக்கிறவன் கண்ணுக்கு நீதான் வீட்டக் கட்டிக் காட்டணும். நீ என்னடான்னா கல்யாணப் பத்திரிகை எழுதி வச்சிருக்க.

மொதல்ல அந்த "இரண்டு மாடி". தரையோட சேத்து எண்ணுனியா, தரைய விட்டுட்டு எண்ணுனியா? நம்ம ஊர்ல ஒருத்தன் சேத்து எண்ணுவான், இன்னொருத்தன் விட்டுட்டு எண்ணுவான். கீழ் வீட்டுல ஒங்க ஆத்தா இருக்கா. வாடகைக்கு விடுறது முதல் மாடி. அதுக்கு மேல மொட்டை மாடி. நீ எழுதுனதப் பாத்தவன் மொத்த வீடும் தனக்குத்தான்னு நெனச்சு, தம்பி குடும்பத்தையும் கூட்டிட்டு வந்து நின்னான்ல? ஒங்க ஆத்தாள எங்க போகச் சொல்லுவான், கோயில் மண்டபத்துக்கா?

"தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு. வாடகைக்கு முதல் மாடி மட்டும்." இம்புட்டுத்தான். அதோட படியச் சொல்லு. எத்தன படின்னு தெரியுமா? முழிக்காத, பத்தொம்பது. பத்தடி ஒசரத்துக்கு அப்படித்தான் வரும். வெளிப்பக்கத்துப் படி, நடுவுல ஒரு திருப்பம். போன வாரம் ஒரு பாட்டியம்மா ஆட்டோவுக்குள்ள இருந்தே அண்ணாந்து பாத்துட்டு, "வண்டியத் திருப்பு"ன்னு சொன்னாகளாமே. படிய மொதல்லயே எழுதியிருந்தா அவுகளுக்கு ஆட்டோக் காசு மிச்சம், ஒனக்குக் காப்பித்தூள் மிச்சம்.

இப்ப அந்தக் "கிழக்குப் பார்த்த"வுக்கு வா. இங்கதான் நீ மாட்டுன.

தெரு எந்தப் பக்கம்? தெக்க. கேட்டு? அதுவும் தெக்க. கேட்டத் தாண்டி வலது கைப் பக்கம் சந்துல நடந்தா, ஒங்க ஆத்தா வீட்டுத் தலைவாசல் கெழக்கப் பாத்து இருக்கு. சரிதான், அது கெழக்கு வாசல். ஆனா வாடகைக்கு விடுறது அந்த வாசலையா? படியேறுனா தெக்குப் பக்கத்து பால்கனியில கொண்டுபோய் விடுது. அங்கருந்து உள்ள நுழையுற கதவு தெருவப் பாத்தில்ல இருக்கு! கீழ் வீட்டு வாசலக் காட்டி மேல் வீட்ட விக்கப் பாக்குறியே, மாட்டுத் தரகனெல்லாம் ஒன்கிட்ட டியூசனுக்கு வரணும்டா. அடுக்கு மாடியிலயும் இதே கூத்துத்தான். கட்டடம் ஒரு பக்கம் பாக்கும், வீட்டுக் கதவு இன்னொரு பக்கம் பாக்கும்.

எப்படிப் பாக்குறதுங்கிறியா? தெருவுல நின்னு வீட்டப் பாக்கக் கூடாது, அப்ப எல்லாம் தலைகீழாப் போயிரும். குடியிருக்கப் போறவன் நிலைப்படிக்கு உள்பக்கமா நின்னு வெளிய பாக்கணும். மூஞ்சி எந்தத் திசையோ, அதான் வாசலோட திசை. போன்ல முள்ளு வச்சுப் பாக்குறதா இருந்தா இரும்புக் கம்பிக் கதவு ஓரமா நிக்காத. இரும்பு பக்கத்துல முள்ளு குடிகாரன் கணக்கா ஆடும். நாலஞ்சடி தள்ளி நில்லு. சூரியன வச்சுப் பாப்பேன்னா, அவரும் பங்குனி முத வாரம், புரட்டாசி முத வாரம் மட்டுந்தான் நேர் கெழக்குல எந்திரிப்பாரு. மார்கழியில தெக்க ஒதுங்கிருவாரு, ஆனியில வடக்க ஒதுங்கிருவாரு.

தெக்கு வாசல்னு எழுதுனா ஆளு வராதுன்னு பயப்படுற. வாஸ்து பாக்குறவன் எப்படியும் வந்து பாத்துட்டுத் திரும்பத்தான் போறான், அவன் வராம இருக்குறதே லாபம். மத்தவனுக்கு ஒரு சேதி சொல்லு. நம்ம மதுரையில சித்திரை பொறந்ததுலருந்து ஆவணி பொறக்குற வரைக்கும் சூரியன் நாள் பூரா வடக்காலயே சாஞ்சு போவாரு. அந்த நாலு மாசமும் தெக்குச் சொவருல நேர் வெயில் படாது. தை மாசக் குளுருல பால்கனிக்குள்ள வந்து எட்டிப் பாப்பாரு. இத விட்டுட்டு "அழகிய"ன்னு எழுதியிருக்கியே! வரிக்குக் காசு, தெரியும்ல? அந்த ஒத்த வார்த்தைக்குக் குடுத்த காசுல ஒரு கட்டு வெத்தல வாங்கியாந்திருக்கலாம்.

மேக்கால பக்கத்து வீட்டு மாடி நம்ம மாடி ஒசரத்துக்கு நிக்குது, சாயங்கால வெயில அது வாங்கிக்கும். மேக்குச் சொவரு காஞ்சாத்தான் ராத்திரி அறை அனலாக் கெடக்கும். அதையும் ஒரு வரி போடு.

கடைசியா "நல்ல நிலையில்". இது மாட்டுச் சந்தையில சொல்ற பேச்சு. நா போன மாசம் வந்தப்ப ஒரு சுத்துச் சுத்திப் பாத்தேன். பெயிண்டு அடிச்சது 2021ல, ஒங்க அக்கா கல்யாணத்துக்கு. தெருப்பக்கம் பளிச்சுன்னு இருக்கு. வடகெழக்கு மூலையில கைப்பிடிச் சொவரு கறுத்துப் பாசி பிடிச்சிருக்கு. ஐப்பசி கார்த்திகை மழை அந்தப் பக்கமாத்தான் சாத்தும், அதனால அது வருசா வருசம் வர்றதுதான். ஆனா உள்ள தண்ணி எறங்குதான்னு பாத்துட்டு எழுது. அதுக்கு நேர் கீழ, அறை உள்சொவருல உள்ளங்கைய வச்சு அமுக்கு. ஈரம் ஒட்டுதா, பூச்சு பொருபொருன்னு கொட்டுதா? வெரலால தட்டுனா பொந்துச் சத்தம் வருதா? எதுவும் இல்லேன்னா "வெளிப்பூச்சில் பாசி, உள்ளே ஓதம் இல்லை"ன்னு தைரியமா எழுதலாம்.

ஜன்னல் மூலையிலருந்து குறுக்கால ஒரு விரிசல் ஓடுதே, அதப் பெயிண்டுல மறைக்கிற வேலை வச்சுக்காத. ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு, தேதிய எழுதி வை. ஒரு மாசங் கழிச்சுக் கோட்டத் தாண்டலேன்னா பெரும்பாலும் பழைய விரிசல்தான், பூசிட்டு விடலாம். தாண்டிருச்சுன்னா விளம்பரத்த நிறுத்திட்டு இஞ்சினியரக் கூப்பிடு.

இப்ப எழுது, நா சொல்றேன்.

"முதல் மாடி மட்டும் வாடகைக்கு. கீழே வீட்டுக்காரர். வெளிப்படி 19. வாசலும் பால்கனியும் தெற்கு, தெருவைப் பார்த்து. மேற்கு வெயிலைப் பக்கத்து வீடு மறைக்கும். பெயிண்ட் 2021. வடகிழக்குக் கைப்பிடிச் சுவரில் பாசி, உள்ளே ஓதம் இல்லை."

அந்தக் கடைசி வாக்கியத்த மட்டும் உள்ளங்கைய வச்சுப் பாத்துட்டு எழுது, என் பேச்ச நம்பி எழுதிராத.

என்ன, வரி கூடிப்போச்சா? மூணு வாரம் வெட்டியாப் போட்ட காசுக்கு இது கொறச்சல்தான்.

ஒண்ண விட்டுட்டேன். மழைத்தண்ணிக் கொழா ஓரமா ஒரு அரசங்கன்னு மொளச்சிருக்குல்ல? அத விளம்பரத்துல எழுத வேணாம். அறுத்தா மறுபடி தழைக்கும். உளிய வச்சு வேரோட பேத்துட்டு, பொந்துல சிமிண்டு அடச்சிரு. உளியும் சுத்தியலும் மாட்டுக் கொட்டாயில இருக்கு, எடுத்துட்டுப் போ. வேல முடிஞ்சதும் கொண்டாந்து வச்சிரு. போன பொங்கலுக்குக் கொண்டுபோன ஏணி இன்னும் வந்த பாடில்ல.