கனிவு, பணிவு, சுருக்கம்: இத்தாலிய மறுமொழிக் கடிதம் பற்றிய ஒரு சிற்றாராய்ச்சி

வாடிக்கையாளர் மறுமொழி என்பது, வாங்கிய பொருள் உடைந்து வந்தது என்றோ, வரவே இல்லை என்றோ, வந்தது வேறு யாருடையதோ என்றோ முறையிடும் ஒருவருக்கு, அவரை என்றுமே கண்டிராத மற்றொருவர், முன்பே பல்லாயிரம் பேருக்கு எழுதப்பட்ட சொற்களைக் கொண்டு விடுக்கும் குறுங்கடிதம் ஆகும். இக்கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து பிற மொழிகளுக்குப் பெயர்வது. அவற்றுள் இத்தாலிய மொழிக்குப் பெயரும்போது அதற்கு நேரும் இன்னல்களே இங்கு ஆராயப்படுகின்றன. கனிவு, பணிவு, சுருக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததே நல்ல மறுமொழி என்பது இத்துறையினரின் கொள்கை; மூன்றில் இரண்டு அமைந்தாலே அன்றைக்கு நல்ல நாள் என்பது மொழிபெயர்ப்பாளர்களின் அனுபவம்.

எடுத்துக்காட்டாக, உடைந்த காப்பி இயந்திரம் ஒன்றைப் பெற்ற வாடிக்கையாளரைக் கொள்வோம். அவர் பெயர் அந்த்ரேயா என்க. அவருக்கான ஆங்கில மூலம் ஏழு வாக்கியங்களால் ஆனது. முதலாவது பெயர் சொல்லி விளிக்கிறது. இரண்டாவது தொடர்பு கொண்டமைக்கு வியப்புக்குறியுடன் நன்றி கூறுகிறது. மூன்றாவது மிகவும் வருந்துகிறது. நான்காவது அவருடைய எரிச்சலை முழுமையாகப் புரிந்துகொள்வதாக அறிவிக்கிறது. ஐந்தாவது, புதிய இயந்திரம் அனுப்பப்பட்டுவிட்டது, 3 வேலை நாட்களில் வந்துசேரும் என்கிறது. ஆறாவது எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறது. ஏழாவது அந்நாள் இனிய நாளாக அமைய வாழ்த்துகிறது. செய்தி என்று சொல்லத்தக்கது ஐந்தாவது வாக்கியம் மட்டுமே என்பதும், அந்த்ரேயா தேடுவதும் அதையே என்பதும் வெளிப்படை. இவ்வேழையும் சொல்லுக்குச் சொல் இத்தாலியத்தில் இட்டால் கடிதம் நீண்டுவிடுவது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, முன்பின் அறியாத நிறுவனம் ஒன்று தன் உள்ளத்து உணர்ச்சிகளை விரித்துரைக்கக் காணும் இத்தாலியர், பணம் திரும்பாது போலும் என்று ஐயுறத் தொடங்குவதாகும்.

இதற்குக் காரணம், ஆங்கிலக் கடிதம் தன் கனிவை வாக்கியங்களில் வைக்க, இத்தாலியக் கடிதம் அதைச் சட்டகத்தில் வைப்பதே. சட்டகம் என்றது, கடிதத்தின் தலையில் உள்ள விளியையும், காலில் உள்ள வணக்கத்தையும், இடையில் முன்னிலையாரைச் சுட்டும் மரியாதைச் சொல்லையும். விளிகளுள் தலையாயது 'ஜென்தீலே' என்பது. இனிய பண்புடையவர் என்னும் பொருளது. 'எக்ரேஜோ' என்னும் மற்றொரு விளி, மந்தையிலிருந்து தனித்து நிற்பவர் என்னும் லத்தீன் மூலப் பொருளை உடையது. எனினும் அது இன்று வழக்கறிஞர் கடிதத்தின் வாடை வீசுவதாதலால், காப்பி இயந்திரம் உடைந்தவரை அவ்வாறு விளிப்பது அவரை அச்சுறுத்துவதாகவே முடியும். 'சாவ்' நண்பர்க்குரியது. வணக்கங்களுள், இதயம் என்னும் சொல்லடியாகப் பிறந்த 'கோர்தியாலி சலூத்தி' அன்றாடத்துக்கு உரியது. 'திஸ்தின்தி சலூத்தி' விறைப்பானது, பணம் திருப்பித் தர இயலாது என்று எழுதும்போது தானாகவே கைக்கு வருவது. தேர்ந்த இத்தாலியர் கடைசி வரியை முதலில் பார்த்தே கடிதத்தின் முடிவை ஊகித்துவிடுவர் என்று கொள்வதில் தவறில்லை.

ஆகவே, வெட்ட வேண்டியவை உணர்ச்சி வாக்கியங்களே அன்றிச் சட்டகம் அன்று. அவசரக்கார மொழிபெயர்ப்பாளர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்: விளியையும் வணக்கத்தையும் வெறும் சடங்கு என்று நீக்கிவிட்டு, எரிச்சலைப் புரிந்துகொள்ளும் நான்காம் வாக்கியத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறார். முறையாகப் பெயர்த்த கடிதமோ பின்வரும் அளவில் நிற்கும்: ஜென்தீலே அந்த்ரேயா, நேர்ந்த இடையூறுக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம், புதிய இயந்திரத்தை அனுப்பிவிட்டோம், 3 வேலை நாட்களுக்குள் கிடைக்கும், வேறு எது வேண்டுமாயினும் காத்திருக்கிறோம், கோர்தியாலி சலூத்தி. ஏழு வாக்கியங்கள் மூன்றாகியும் கனிவு குறையவில்லை என்பதைக் காண்க.

இனி மரியாதைச் சொல்லுக்கு வருவோம். 'லேய்' என்பதற்கு 'அவள்' என்பது நேர்ப்பொருள். மதிப்புக்குரிய எவரையும், தாடி மீசையுடன் எதிரே நிற்பவரையும்கூட, இப்பெண்பாற் படர்க்கையாலேயே முன்னிலைப்படுத்துவர். 'தூ' என்பது நெருக்கத்தின் 'நீ'. பாசிச ஆட்சி 1938இல் லேய் என்பதை அன்னிய அடிமைத்தனம் எனப் பழித்து, அதற்கு மாற்றாக 'வோய்' என்னும் பன்மைச் சொல்லைத் திணித்தபோது, 'லேய்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் இதழும் 'அன்னாபெல்லா' எனப் பெயர் மாற வேண்டியதாயிற்று. ஆட்சி போயிற்று, லேய் திரும்பிவிட்டது. அரசாணைக்கு அசையாத அச்சொல், வார்ப்புரு என்று சொல்லப்படும் ஆயத்த மறுமொழித் துண்டுகளுக்கு மட்டும் அடிக்கடி பலியாகிறது. விளியை ஒருவரும், உடலை மற்றொருவரும், முடிவை மூன்றாமவரும் வெவ்வேறு காலங்களில் பெயர்த்து வைக்க, மென்பொருள் அவற்றை ஒட்டும்போது, நீ என்று தொடங்கிய கடிதம் தாங்கள் என்று முடிகிறது. இந்நோயை அறிவது எளிது: தூவுக்குரிய வடிவங்களும் லேய்க்குரிய வடிவங்களும் ஒரே கடிதத்தில் உள்ளனவா என்று தேடினால் போதும். இளைஞர்க்கு விற்கும் நிறுவனம் தூ என்பதைத் தேர்வது குற்றமன்று. பாதி வழியில் மனம் மாறுவதே குற்றம்.

அந்த்ரேயா என்ற பெயர் வேண்டுமென்றே தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அது பெண் பெயர். இத்தாலியில் பெரும்பாலும் ஆண் பெயர். லேய் பெண்பாலாயினும், அதனுடன் வரும் பெயரடை வாடிக்கையாளரின் உண்மைப் பாலையே கொள்ளும் என்பது இத்தாலிய இலக்கணம். எனவே தாங்கள் மனநிறைவு அடைந்தவராக இருப்பீர்கள் என எழுதப் புகுந்தால், 'சொத்திஸ்பாத்தோ' என ஆணாக்குவதா, 'சொத்திஸ்பாத்தா' எனப் பெண்ணாக்குவதா என்னும் வினா எழுகிறது. ஓ, ஆ என இரண்டையும் சாய்கோட்டால் பிரித்து எழுதுவது விண்ணப்பப் படிவத்துக்குத் தகும், மன்னிப்புக்குத் தகாது. தீர்வு தங்களுக்குப் பிடித்திருக்கும் என நம்புகிறோம் என்று, நிறைவை மனிதரிடமிருந்து பொருளுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் மறைகிறது. ஜென்தீலே இரு பாலுக்கும் ஒரே வடிவில் நிற்பதும், 'அன்பார்ந்த' என்பதற்குரிய 'காரோ', 'காரா' அவ்வாறு நில்லாததும், முன்னதன் வெற்றிக்கு மறைவான காரணங்களாகும்.

சுருக்கத்துக்கு இறுதிச் சோதனை குறுஞ்செய்தி. கைபேசியின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். இத்தாலியத்தின் சிறிய è அத்தொகுதியில் உண்டு, பெரிய È இல்லை. பொட்டலம் சேர்ந்தது என்பதை இத்தாலியர் È என்றே தொடங்குவது இயல்பாதலால், அவ்வோர் எழுத்தின் பொருட்டுச் செய்தி முழுவதும் வேறு தொகுதிக்கு மாறி, வரம்பு 70 ஆகச் சுருங்க, 120 எழுத்துச் செய்தி இரண்டாகக் கணக்கிடப்பட்டு இரட்டைக் கட்டணம் விழுகிறது. இதைத் தவிர்க்க E' என்று ஒற்றை மேற்கோளை ஒட்டி எழுதும் வழக்கத்தைப் பள்ளி ஆசிரியர்கள் பிழை என்பர். 'இல் பாக்கோ', அதாவது பொட்டலம், என்னும் எழுவாயை முன்னே இட்டு வாக்கியத்தைத் தொடங்கினால், è நடுவில் சிறிய எழுத்தாக அமர்ந்துகொள்ளும், கட்டணமும் ஒன்றே.