இமைக்குள் ஒரு மேடு

எங்கள் ஊர் மேடுகளைக் கடவுள் படைக்கவில்லை. ஜான் டெய்லர் கம்பெனி படைக்க ஆரம்பித்தது. சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக இடித்து, சைனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்ச மாவை வெளியே கொட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கொட்டியது மூன்று கோடி டன்னைத் தாண்டும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் நின்றுபோனது, மாவு நிற்கவில்லை. ஆடிக்காற்று கிளம்பினால் கோலார் தங்கவயல் முழுவதும் வீட்டுக்கு வீடு இலவசமாக விநியோகம். மூடி வைத்த சோற்றிலும் 'நறுக்'கென்று ஒரு சுரங்க வரலாறு தட்டுப்படும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டேன். ஆசைக்காக அல்ல. தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர் ரயில் கூட்டத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிகளைப் பலி கொடுத்திருக்கிறேன். இரண்டாவது, முன்னால் நின்றவரின் டிபன் கேரியருக்கும் என் முகத்துக்கும் நடுவில் மாட்டி வீரமரணம் அடைந்தது. மைனஸ் ஆறு பவர். கண்ணாடி இல்லாவிட்டால் வருவது பங்காரப்பேட்டையா பெங்களூரா என்று வாசனையை வைத்துத்தான் சொல்வேன்.

முதல் ஆடி வரை லென்ஸ் சுகமாக இருந்தது. பிறகு இரண்டு கண்ணும் அரித்தன. சாதாரண அரிப்பு இல்லை, புறங்கையால் தேய்த்தால் சொர்க்கம், நிறுத்தினால் நரகம் என்கிற வகை. காலையில் கண் மூலையில் வெள்ளையாக ஒரு நூல், இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் லென்ஸில் நெய் தடவியது போல மங்கல். இமைத்தால் லென்ஸ் மேலே ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்ட பத்தாவது நிமிடம் கண் பால் போல வெளுத்தது. ஆபீஸில் ஒருவர், "நேத்து நல்லா தூங்கினீங்களா?" என்று பாராட்டினார். சாயந்திரம் சிவப்பு திரும்பி வந்தது, கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு. அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்குமே தவிர, அரிப்பின் மூலத்தைத் தொடாது. நாலு நாள் விட்டால் குழாய்கள் பழகிப்போய், மருந்து இல்லாத நேரத்தில் முன்னைவிட விரிந்துகொள்ளும். கண் சிவக்கிறது என்று மருந்து, மருந்து விட்டதால் சிவப்பு. நான் இரண்டு பாட்டில் காலி செய்தேன்.

எதிர்வீட்டு அக்கா, தன் பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சத்தைத் தந்தார். இரண்டே நாளில் அரிப்பு போயிற்று. அக்காவுக்குக் கோயில் கட்டலாமா என்று யோசித்தேன். ஆயா மட்டும் நம்பவில்லை. நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். பூ குளுகுளுவென்று இருந்தது உண்மை. பூவிலிருந்த எறும்பு கண்ணில் இறங்கியதும் உண்மை.

மூன்றாவது வாரம் பெங்களூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். "இதுவரை விட்டதையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். மேஜையில் வரிசையாக வைத்தேன், கொலு மாதிரி. டாக்டரம்மா அக்காவின் பாட்டிலை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். "இதுல டெக்ஸாமெத்தசோன் இருக்கு, ஸ்டீராய்டு. அரிப்பு போகத்தான் செய்யும். ஆனா வாரக்கணக்கில் விட்டா சிலருக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். அது உங்களுக்குத் தெரியாது, வலிக்காது. பார்வை நரம்பு செத்த பிறகுதான் தெரியும். லென்ஸ் போடறவங்களுக்குக் கிருமி புகுந்தா அதையும் மறைச்சு வளர்த்துவிடும்." அழுத்தம் பார்த்தார்கள். நல்லவேளை, ஏறவில்லை. கோயில் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு ஒரு பஞ்சுக் குச்சியை மேல் இமையில் வைத்து, சப்பாத்தியைத் திருப்புவது போல இமையை வெளிப்பக்கமாகத் திருப்பினார். போட்டோ எடுத்து எனக்கும் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக, நெருக்கமாக, சின்னச் சின்ன மேடுகள். எங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் பக்கம் நின்று பார்த்த மாதிரியே இருந்தது. ஊரை விட்டு வந்தாலும் ஊர் நம்மை விடாது என்பார்கள். இமைக்குள்ளேயே வந்து குடியேறும் என்று நினைக்கவில்லை.

"எங்க ஊர் சைனைடு மண்ணுதான் காரணம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா பாதிதான் ஒப்புக்கொண்டார். மேட்டு மண் பாறைப்பொடி. விழுந்தால் உறுத்தும், எரியும், கண்ணீரோடு போய்விடும். அரிப்புக்குக் காரணம் வேறு, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, மேட்டைச் சுற்றிக் காடாக மண்டியிருக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம். கண்ணின் மாஸ்ட் செல்கள் இவற்றைப் பார்த்ததும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தேய்த்தால் அந்தச் செல்கள் இன்னும் உடையும், இன்னும் கொட்டும். சொர்க்கம் நரகமாவதன் ரகசியம் அதுதான்.

லென்ஸின் பங்கு? மென்மையான லென்ஸ் ஒரு பஞ்சு. தண்ணீரோடு மகரந்தத்தையும் கண்ணீர்ப் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னுடையது மாத லென்ஸ். முப்பது நாள் அழுக்கை, நாளுக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் இமைக்கும் இமை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் விளைவுதான் மேடுகள். இன்னொரு குற்றமும் வெளிவந்தது. லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே ரயிலில் சொட்டு விட்டிருக்கிறேன். பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடையும் அதே பஞ்சு உறிஞ்சி, நாள் முழுக்கக் கருவிழிக்கு ஊட்டியிருக்கிறது.

தீர்ப்பு: நாலு வாரம் லென்ஸ் கிடையாது. ஒலோபடடின் 0.1 சதவீதம், காலை ஒன்று, மாலை ஒன்று. இது ஹிஸ்டமினையும் தடுக்கும், செல் உடைவதையும் தடுக்கும். கண்ணில் ஒரு சொட்டுக்கே இடம் போதாது, ஒரே வேளையில் இரண்டாவது விட்டால் அது கன்னத்துக்குத்தான். அரித்தால் குளிர்ந்த ஒத்தடம். நடுவில் வேண்டுமென்றால், ஒரு தடவை உடைத்துப் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளில் வரும், பதப்படுத்தும் மருந்து சேர்க்காத செயற்கைக் கண்ணீர். அதைப் பிரிட்ஜில் வைத்து விட்டால் ஆயாவின் பூவைவிடக் குளிர்ச்சி, எறும்பும் இல்லை. ஒரு கண் மட்டும் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அது அலர்ஜி என்று எண்ணி வீட்டில் இருக்காமல் அன்றே ஓடிவர வேண்டும்.

நாலு வாரம் டேப் ஒட்டிய பழைய கண்ணாடியோடு ரயிலில் போனேன். மேடுகள் தணிந்தன. இப்போது தினம் ஒரு ஜோடி என்று போட்டு இரவே தூக்கி எறியும் லென்ஸ். செலவு பல மடங்கு என்பதால் ரயில் நாட்களுக்கு மட்டும். கண் சிவந்திருந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை.

சொட்டு விட்டபின் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் லென்ஸ் போட வேண்டும். ரயில் விடியுமுன்னே வருவதால் இந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. சொட்டு விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுகிறேன். அதனால் ஆயா காவல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை இடிப்பார், நேரம் ஆனதும் உலக்கையால் கட்டில் காலைத் தட்டுவார்.

"எழுந்திரு. ஆச்சு பதினஞ்சு. அந்தத் தாளை எடுத்துக் கண்ணுல ஒட்டிக்கோ" என்பார். லென்ஸுக்கு ஆயா வைத்த பெயர் தாள்.