தலைவர் ஐயாவின் தாராள மனம்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகத் தலைவர் ஐயா அவர்களுக்கு, சுங்கைப்பட்டாணியிலிருந்து உங்கள் ஓவியன் வணக்கத்துடன் எழுதுவது.

குரூண் பக்கம் எழவிருக்கும் ராஜகோபுரத்துக்கு முப்பரிமாணப் படம் செய்ய என்னை அழைத்தீர்கள். 800 ரிங்கிட், இரண்டு முறை திருத்தம், 1920-க்கு 1080 பிக்சல் அளவு என்று எழுதிக் கையெழுத்திட்டோம். எழுதிய தாளுக்குள் அடங்கிவிடும் குறுகிய மனமா உங்களுடையது? திருத்தங்களை ஆறு முறை வாரி வழங்கினீர்கள். மொத்தமாகத் தந்தால் எனக்குச் சலித்துவிடும் என்று ஒவ்வோர் இரவும் ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பிய கருணையை என்ன சொல்வேன்!

உங்கள் கற்பனைக்கு எல்லையே இல்லை. கோபுரம் கிழக்கு பார்த்தது. அதன் பின்னால் மேற்கே குனோங் ஜெராய். சூரியன் அந்த மலைக்குப் பின்னே மறைய வேண்டும், அதன் பொன்னொளி கோபுரத்தின் முகத்திலும் விழ வேண்டும் என்றீர்கள். மலைப்பக்கம் இறங்கும் வெயில் கோபுரத்தின் முதுகில்தான் அடிக்கும். முகம் நிழலில் கிடக்கும். ஆனால் தலைவர் சொல்லுக்குச் சூரியன் கட்டுப்படாமல் இருக்கலாமா? கிழக்கே இன்னொரு விளக்கை அமைத்தேன். ஒளி மாறினால் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றின் நிழலும் மாறும். அதனால் படம் முழுவதையும் கணினி புதிதாகக் கணக்கிட வேண்டும். நிறம் மாற்றுவதும் அப்படித்தான். அடித்தளத்தைச் சிவப்பாக்கினால் பக்கத்து வெள்ளைச் சுவரிலும் சிவப்புச் சாயல் தெறிக்கும். அதைப் பூசி மறைத்தால் பார்ப்பவருக்குப் பொய் தெரிந்துவிடும்.

பிறகு, அதே படத்தை 10 அடி அகலப் பேனருக்குக் கேட்டீர்கள். "ஒரு பட்டனைத் தட்டினால் பெரிதாகிவிடும்" என்ற உங்கள் கணினி அறிவு எனக்கு வாய்க்கவில்லை. 10 அடி என்பது 120 அங்குலம். பழைய படத்தை அதில் இழுத்தால் அங்குலத்துக்கு 16 பிக்சல்தான் கிடைக்கும். சாமி முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 7680-க்கு 4320 என்று வைத்தால் அங்குலத்துக்கு 64 கிடைக்கும். நாலு மடங்கு அகலம், நாலு மடங்கு உயரம், ஆக 16 மடங்கு பிக்சல். 12 நிமிடத்தில் முடிந்த படம் 3 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சின்னப் படத்தில் கண்ணுக்குப் படாத கல்லின் தோற்றம் பெரிதில் மங்கித் தெரிவதால், அதையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட நான்கு திருத்தங்களுக்கு, ஒன்றுக்கு 80 வீதம் 320 ரிங்கிட். பெரிய படத்துக்கு 350. ஆக 670 ரிங்கிட். திருத்தங்களை வாரி வழங்கிய அதே கையால் இதையும் வழங்குங்கள். அடுத்த வேலைக்கு, பேனரின் அளவை முதல் நாளே சொல்லுங்கள். கமிட்டி கூடிப் பேசி, திருத்தங்களை ஒரே பட்டியலாகத் தாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்பதை, நிறம் பூசாத சாம்பல் மாதிரியைக் காட்டும்போதே முடிவு செய்யுங்கள். இந்த மூன்றையும் செய்தால் கோயில் பணம் மிஞ்சும்.