‘மற்றும் குழுவினர்’ யாருங்க?

கே: ‘ராக்கம்மா கையத்தட்டு’ பாட்டுக்கு நடுவே தேவாரம் பாடும் பெண்கள் யார்? (திருநெல்வேலி)

ப: எழுதியவர் அப்பர், இசை இளையராஜா, பாடியவர் ‘குழுவினர்’. 1991இல் வந்த ‘தளபதி’ பாட்டு இது. 2002இல் பி.பி.சி. உலகச் சேவை வாக்கெடுப்பில் நாலாம் இடம் பிடித்தது. ஓட்டு போட்டவர்களுக்கு எஸ்.பி.பி.யைத் தெரியும், ஸ்வர்ணலதாவைத் தெரியும். அப்பருக்குக் குரல் கொடுத்தவர்கள் மட்டும் ரகசிய வேட்பாளர்கள்!

கே: படத்தின் டைட்டிலைப் பார்த்தால் தெரியாதா? (கரூர்)

ப: பாதி தெரியும். பழைய டைட்டிலில் ‘பின்னணி பாடியவர்கள்’ என்று மொத்தப் படத்துக்கும் ஒரே பந்தி. எந்தப் பாட்டுக்கு யார் என்று சொல்வது கேசட் அட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைட்டிலில் இருந்து அட்டையில் காணாமல் போன பெயர்தான் உங்கள் முதல் சந்தேக நபர். உடனே கைது செய்யாதீர்கள். கேசட்டில் வராத துண்டுப் பாட்டைப் பாடியவராகவும் இருக்கலாம்.

கே: கோரஸை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா? (கோவை)

ப: ஸ்டீரியோ பதிவாக இருந்தால் முயலலாம். ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டை இடது, வலது என்று இரண்டு டிராக்காகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து, இரண்டையும் மோனோவாகச் சேருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரும்பாலும் அழிவது நட்ட நடுவில் நிற்கும் முன்னணிப் பாடகரின் குரல். ஓரங்களில் நிறுத்தப்பட்ட கோரஸ் பிழைத்துக்கொள்ளும். பாடகரின் எதிரொலி மட்டும் ஆவிபோல் சுற்றும், பயப்பட வேண்டாம்.

குறுந்தட்டிலிருந்து எடுங்கள். இறுக்கிச் சுருக்கிய எம்பி3 என்றால் கோரஸ் தண்ணீருக்குள் பாடும்.

கே: 1960களின் பாட்டில் செய்து பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை! (சிதம்பரம்)

ப: சிதம்பரத்துக்காரரே சொல்லலாமா? அதுதான் ரகசியம்! மோனோ பதிவில் இடமும் வலமும் ஒன்றே, கழித்தால் பூஜ்யம்.

கே: இருபது பேர் பாடுவதுபோல் இருக்கிறது. நிஜமாகவே இருபது பேரா? (வேலூர்)

ப: ‘ஸ்’, ‘ட்’ என்று முடியும் இடங்களைக் கேளுங்கள். நிஜக் கூட்டம் என்றால் யாராவது ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் பிந்துவார். முடிவு கொஞ்சம் பிசிறடிக்கும். எல்லாக் குரலிலும் ஒரே மூச்சு, ஒரே அசைவு என்றால், மூன்று நான்கு பேர் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியிருக்கலாம். சம்பளம் மூன்று பேருக்கு, சத்தம் முப்பது பேருக்கு.

கே: ஒரு குரல் எனக்குத் தெரிந்த பாடகி மாதிரியே இருக்கிறது. எழுதிவிடலாமா? (தேனி)

ப: வேண்டாம். தன் குரல் தனியாகத் தெரியாமல் பாடுவதுதான் கோரஸ்காரரின் தொழில். தெரிந்தால் ரெக்கார்டிங்கில் திட்டு விழும். சாயல் துப்பு, சாட்சி அல்ல.

சாட்சிக்கு ஆளைத் தேடுங்கள். சென்னையில் திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு, எம்.பி. சீனிவாசன் பாடுபட்டு உருவாக்கியது. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவரும் அவரே. மூத்த உறுப்பினர் இருவரைத் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தத் தியேட்டர், பக்கத்தில் யார், காலையா இரவா என்று விசாரியுங்கள். இரண்டு பேர் சொல்வதும் பொருந்தினால் எழுதுங்கள். இருவரும் ‘நான்தான் மெயின்’ என்றால் காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கே: கோரஸிலிருந்து மேலே வந்தவர் உண்டா? (ஈரோடு)

ப: எல்.ஆர். ஈஸ்வரி! அம்மா கோரஸ் பாடகி. மகளும் கோரஸில் தொடங்கி, 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் முன்னால் வந்தார். பிறகு பின்னால் போகவே இல்லை.

கே: பெயர் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? (சேலம்)

ப: 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தைப் படியுங்கள். ஒரு படத்தில் போகிற போக்கில் பங்களித்து, தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் போடப்படாதவரை, ‘நிகழ்த்துநர்’ என்றே அது பொதுவாகக் கணக்கில் எடுக்காது. தம் பங்களிப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மட்டும் மிச்சம். கோரஸ் போகிற போக்கா என்று வக்கீல்கள் வாதாடலாம். டைட்டிலில் பெயர் இருந்தால் அந்த வாதத்துக்கே வேலை இல்லை.

கே: எங்கள் அத்தை ஒரு பிரபலமான பாட்டில் கோரஸ் பாடினாராம். நம்பலாமா? (காரைக்குடி)

ப: பாடச் சொல்லுங்கள். பல்லவியைப் பாடினால் ரசிகை. பல்லவிக்கு அடியில் ஓடும், யாரும் முணுமுணுக்காத அந்த இரண்டாவது குரலைத் தனியாகப் பாடிக் காட்டினால், அத்தை காலில் விழுந்து பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.